கம்ப்யூட்டர் இல்லாமலே ஓடும் விஆர் ஹெட்செட்டா, கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஹெட்செட்டா? வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

விஆர் ஹெட்செட் வாங்கலாம் என்று தேட ஆரம்பித்தால் முதலில் குழப்புவது விலை அல்ல, வகை. ஒரு வகை தலையில் மாட்டினால் போதும், தானாகவே கேம் ஓடும். இன்னொரு வகைக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் கட்டாயம் வேண்டும். சென்னையிலோ புதுச்சேரியிலோ இருப்பவர்கள் கேமிங் சென்டருக்குப் போய் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். ஸ்ரீமுஷ்ணம், காட்டுமன்னார்கோவில் மாதிரியான ஊர்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஆன்லைனில் பார்த்தோ, வெளிநாட்டில் இருந்து வரும் உறவினரிடம் சொல்லியோதான் வாங்குகிறார்கள். தப்பான வகை வந்து சேர்ந்தால் திருப்பிக் கொடுப்பது சுலபம் இல்லை.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? எதில் எந்த கேம் ஓடும்? பார்க்கலாம்.

ஒரே நாள், ஒரே விலை, இரண்டு ஹெட்செட்

2019 மே 21. ஓக்குலஸ் நிறுவனம் (இன்றைய மெட்டா) அன்று ஒரே நாளில் இரண்டு ஹெட்செட்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இரண்டும் தலா 399 டாலர். ஒன்று 'குவெஸ்ட்', கம்ப்யூட்டரே தேவையில்லாதது. இன்னொன்று 'ரிஃப்ட் எஸ்', கேபிள் வழியாகக் கம்ப்யூட்டரில் இணைத்தால்தான் வேலை செய்யும். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே விஷயம் பாதி புரிந்துவிடும்.

குவெஸ்ட்டுக்குள் இருந்தது ஸ்னாப்டிராகன் 835 சிப், 4 ஜிபி ரேம். 2017-ல் வந்த விலை உயர்ந்த ஆண்ட்ராய்டு போன்களில் இருந்த அதே சிப்தான். ரிஃப்ட் எஸ்-க்குள் கேம் ஓட்டும் சிப்பே கிடையாது. அது ஒரு திரை, சில கேமராக்கள், கண்ணாடி வில்லை, அவ்வளவுதான். கேமை ஓட்டுவதெல்லாம் கம்ப்யூட்டரின் கிராபிக்ஸ் கார்டு.

அதாவது 399 டாலருக்கு ஒருவருக்கு முழு கேம் மெஷின் கிடைத்தது. இன்னொருவருக்குக் கிடைத்தது கண்ணுக்கு மாட்டும் மானிட்டர் மட்டும். கம்ப்யூட்டர் செலவு தனி.

சிப் ஏன் இவ்வளவு முக்கியம்?

விஆர் கேம் சாதாரண கேம் மாதிரி இல்லை. இரண்டு கண்ணுக்கும் தனித்தனி படம் வரைய வேண்டும். முதல் குவெஸ்ட்டின் திரை விநாடிக்கு 72 முறை மாறும். அப்படியானால் ஒவ்வொரு படத்தையும் வரைந்து முடிக்க சிப்புக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 14 மில்லி விநாடி. அதற்குள் முடிக்கவில்லை என்றால், தலையைத் திருப்பும்போது காட்சி இழுத்துக்கொண்டு வரும். டிவியில் இப்படி நடந்தால் எரிச்சல் வரும், அவ்வளவுதான். விஆரில் நடந்தால் தலை சுற்றும், சிலருக்கு வாந்தி வருகிற மாதிரி இருக்கும்.

கம்ப்யூட்டர் இந்த வேலையை எப்படிச் செய்கிறது? உதாரணத்துக்கு, ஒரு காலத்தில் விஆர் ஆடுபவர்கள் அதிகம் வைத்திருந்த 'GTX 1060' கிராபிக்ஸ் கார்டு 120 வாட் வரை மின்சாரம் எடுக்கும். வீட்டில் ஓடும் ஒரு சீலிங் ஃபேனை விட அதிகம். தலையில் மாட்டும் ஹெட்செட்டில் அப்படி எடுக்க முடியாது. பேட்டரி நிமிஷத்தில் தீர்ந்துவிடும், சூடும் முகத்தில் அடிக்கும். எனவே ஹெட்செட் சிப் சில வாட்டுக்குள் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும்.

இந்த இடைவெளியை கேம் தயாரிப்பவர்கள் சில வழிகளில் சமாளிக்கிறார்கள். காட்சியில் பொருட்களைக் குறைப்பார்கள். வெளிச்சத்தையும் நிழலையும் உடனுக்குடன் கணக்கிடாமல், முன்கூட்டியே வரைந்து ஒட்டிவிடுவார்கள். பார்வையின் நடுப்பகுதியைத் தெளிவாகவும் ஓரங்களை மங்கலாகவும் வரைவார்கள். 'ரோபோ ரீகால்' என்ற கேம் 2017-ல் கம்ப்யூட்டருக்காக வந்தது. அதே கேம் 2019-ல் குவெஸ்ட்டுக்கு வந்தபோது ஆட்டம் அதேதான், காட்சியின் செழிப்புதான் குறைந்தது.

ஆனால் எல்லா கேமுக்கும் இந்த வித்தியாசம் தெரியாது. 'பீட் சேபர்' பாட்டுக்கு ஏற்ப வரும் கட்டைகளை வெட்டும் கேம். காட்சி எளிமையானது என்பதால் குவெஸ்ட்டில் ஆடினாலும் கம்ப்யூட்டரில் ஆடினாலும் பெரிய வேறுபாடு இல்லை. சொல்லப்போனால், கையை வீசி ஆடும்போது காலில் சுற்ற கேபிள் இல்லாததால் குவெஸ்ட்டில்தான் வசதி.

கேம் பட்டியல் தலைகீழாக மாறிய கதை

2020 மார்ச்சில் 'ஹாஃப் லைஃப்: அலிக்ஸ்' வந்தது. வால்வ் நிறுவனம் கம்ப்யூட்டருக்கென்றே செய்த கேம். குறைந்தபட்சம் 12 ஜிபி ரேம், 'GTX 1060' அளவு கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்றது. குவெஸ்ட் சிப்பில் அது நேரடியாக ஓடாது. 'நல்ல கேம் வேண்டுமென்றால் கம்ப்யூட்டர்தான்' என்ற பேச்சு அப்போது சரியாகவே இருந்தது.

அதே ஆண்டு அக்டோபரில் குவெஸ்ட் 2 வந்தது. விலை 299 டாலர். உள்ளே ஸ்னாப்டிராகன் எக்ஸ்ஆர்2 சிப், 6 ஜிபி ரேம். வாங்குபவர்கள் கூட்டம் இந்தப் பக்கம் திரும்ப, கேம் தயாரிப்பவர்களும் திரும்பினார்கள். ரிஃப்ட் எஸ் விற்பனை 2021-ல் நிறுத்தப்பட்டது.

அதன்பிறகு நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. 2021 அக்டோபரில் 'ரெசிடென்ட் ஈவில் 4' விஆர் குவெஸ்ட் 2-க்கு மட்டும் வந்தது. 'அஸ்கார்ட்ஸ் ராத்' முதல் பாகம் 2019-ல் கம்ப்யூட்டருக்கு மட்டும் வந்த கேம். அதன் இரண்டாம் பாகம் 2023 டிசம்பரில் வந்தபோது குவெஸ்ட்டுக்கு மட்டும்தான். 2024 அக்டோபரில் வந்த 'பேட்மேன்: ஆர்க்கம் ஷேடோ' குவெஸ்ட் 3, 3எஸ் இரண்டில் மட்டுமே ஓடும். எவ்வளவு விலை உயர்ந்த கம்ப்யூட்டர் வைத்திருந்தாலும் இந்த கேம்களை அதில் வாங்க முடியாது.

ஆக, 'கம்ப்யூட்டர் ஹெட்செட்டில் எல்லாம் ஓடும், தனி ஹெட்செட்டில் கொஞ்சம்தான் ஓடும்' என்பது பழைய கணக்கு. இப்போது இரண்டு பக்கமும் மற்றதில் கிடைக்காத கேம்கள் இருக்கின்றன.

ஒன்றை வாங்கினால் இரண்டும் கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் ஒரு திசையில் மட்டும். குவெஸ்ட்டை யூ.எஸ்.பி. கேபிள் மூலம் கம்ப்யூட்டரில் இணைக்கும் வசதி 2019 நவம்பரில் வந்தது. 2021-ல் வைஃபை மூலமும் இணைக்கலாம் என்றானது. இப்படி இணைத்தால் கேம் கம்ப்யூட்டரில் ஓடும், ஹெட்செட் படத்தை மட்டும் காட்டும். 'அலிக்ஸ்' ஆட இந்த வழி போதும். ஆனால் கம்ப்யூட்டருக்கென்றே செய்த ஹெட்செட்டில் குவெஸ்ட் கேமை ஆட வழி இல்லை.

இதில் சின்னக் குறை ஒன்று உண்டு. கம்ப்யூட்டர் தன் படத்தை வீடியோவாகச் சுருக்கி அனுப்புகிறது, ஹெட்செட் அதை விரித்துக் காட்டுகிறது. அதனால் இருட்டான காட்சிகளிலும் புகை மூட்டத்திலும் படம் லேசாகக் கட்டம் கட்டமாகத் தெரியலாம், மிகச் சிறிய தாமதமும் இருக்கும். வால்வ் இண்டெக்ஸ் மாதிரி கேபிளில் நேரடியாகப் படம் வாங்கும் ஹெட்செட்களில் இந்தப் பிரச்னை இல்லை.

வைஃபை என்றதும் 'நம்ம ஊர் நெட் ஸ்பீடுக்கு இது சரிப்படுமா?' என்று தோன்றலாம். இங்கே இன்டர்நெட் வேகம் ஒரு பொருட்டே இல்லை. படம் போவது உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்து உங்கள் வீட்டு ரவுட்டர் வழியாக உங்கள் தலைக்கு. ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸ் வகையாக இருக்க வேண்டும், ஆடும் அறையிலேயே இருக்க வேண்டும், கம்ப்யூட்டரை அதோடு ஒயரில் இணைத்திருக்க வேண்டும். பழைய 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் படம் அடிக்கடி தடைப்படும்.

ஸ்ரீமுஷ்ணத்தில் ஒருவர் வாங்கினால்...

ஒரு பேச்சுக்கு, ஸ்ரீமுஷ்ணத்தில் கல்லூரி மாணவர் ஒருவர் இருக்கிறார். கையில் படிப்புக்கு வாங்கிய லேப்டாப் இருக்கிறது. லேப்டாப்தான் இருக்கிறதே, கம்ப்யூட்டர் ஹெட்செட்டை செகண்ட் ஹேண்டில் குறைந்த விலைக்கு வாங்கிவிடலாம் என்று நினைக்கிறார். வாங்கலாமா?

முதலில் லேப்டாப்பைப் பார்க்க வேண்டும். விண்டோஸில் `Task Manager` திறந்து, `Performance` பகுதியில் `GPU` என்று இருப்பதைத் தொட்டால் கிராபிக்ஸ் சிப்பின் பெயர் வரும். அங்கே `Intel UHD Graphics` அல்லது வெறும் `AMD Radeon Graphics` என்று மட்டும் இருந்தால் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை என்று அர்த்தம். படிப்புக்கு வாங்கும் லேப்டாப்களில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். அரசு மாணவர்களுக்குத் தரும் லேப்டாப்களும் இந்த ரகம்தான். இதில் விஆர் கேம் சரியாக ஓடாது. ரேமை ஏற்றினாலும் ஓடாது.

தனி கார்டு இருந்தாலும் லேப்டாப்பின் இணைப்புத் துளையைப் பார்க்க வேண்டும். ரிஃப்ட் எஸ், இண்டெக்ஸ் இரண்டுக்கும் டிஸ்ப்ளேபோர்ட் இணைப்பு வேண்டும். வெறும் எச்டிஎம்ஐ மட்டும் உள்ள லேப்டாப்பில் அவற்றை மாட்டவே முடியாது. மின்சாரம் போனாலும் சிக்கல்தான். பேட்டரியில் ஓடும்போது லேப்டாப் கிராபிக்ஸ் கார்டின் வேகத்தைக் குறைத்துவிடும்.

எனவே இந்த மாணவருக்குச் சரியானது தனியாக ஓடும் ஹெட்செட்தான். ஒருமுறை சார்ஜ் போட்டால் சுமார் இரண்டு மணி நேரம் ஆடலாம். கரண்ட் போனாலும் ஆட்டம் நிற்காது.

ஆனால் அதிலும் ஒரு பொறி இருக்கிறது. செகண்ட் ஹேண்டில் முதல் குவெஸ்ட் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடக் கூடாது. 2024 ஏப்ரலுக்குப் பிறகு அதற்குப் புதிய கேம்களை மெட்டா தன் ஸ்டோரில் சேர்ப்பதில்லை. ஹெட்செட் நன்றாகத்தான் இருக்கும், சிப்தான் காலாவதியாகிவிட்டது. கம்ப்யூட்டர் ஹெட்செட்டில் இந்தத் தொல்லை குறைவு. பழைய ஹெட்செட்டை வைத்துக்கொண்டே கிராபிக்ஸ் கார்டை மட்டும் மாற்றலாம். தனி ஹெட்செட்டில் சிப்பை மாற்றவே முடியாது.

புதிதாக வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியதும் சிப்பின் பெயரைத்தான். குவெஸ்ட் 3, குவெஸ்ட் 3எஸ் இரண்டிலும் ஒரே சிப், ஸ்னாப்டிராகன் எக்ஸ்ஆர்2 ஜென் 2. ரேமும் ஒன்றே, 8 ஜிபி. விலை குறைந்த 3எஸ்-ல் திரையும் வில்லையும் சுமார்தான். ஆனால் ஓடும் கேம் பட்டியல் இரண்டுக்கும் ஒன்றுதான்.

கடைசியாக ஒரு கணக்கு

ஹெட்செட்டைத் தேடுவதற்கு முன் ஆட விரும்பும் மூன்று கேம்களை எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் மெட்டா ஸ்டோரில் இருக்கிறதா, ஸ்டீமில் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டோர் பக்கத்தில் எந்தெந்த ஹெட்செட்டில் ஓடும் என்றும் போட்டிருக்கும். ஒன்றில் வாங்கிய கேம் இன்னொன்றுக்குத் தானாக மாறாது, திரும்பக் காசு கொடுத்துதான் வாங்க வேண்டும்.

மூன்றும் மெட்டா ஸ்டோரில் இருந்தால் கம்ப்யூட்டருக்குச் செலவு செய்யத் தேவையே இல்லை. மூன்றும் ஸ்டீமில் மட்டும் இருந்து, வீட்டில் நல்ல கிராபிக்ஸ் கார்டும் இருந்தால் கம்ப்யூட்டர் ஹெட்செட்டில் படம் இன்னும் தெளிவாக வரும். இரண்டிலும் கலந்து இருந்தால் தனி ஹெட்செட்டை முதலில் வாங்கலாம், கம்ப்யூட்டரைக் காசு சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.