டிசைன் அச்சில் கேக் பாதி ஒட்டிக்கொள்வது ஏன்? அடுப்பை அணைத்த பிறகு வரும் 10 நிமிடம்தான் முக்கியம்!

ஓவனில் இருந்து எடுக்கும்போது கேக் அருமையாக உப்பியிருக்கும். தட்டில் கவிழ்த்தால் பாதி மட்டும் விழும், மீதி அச்சிலேயே ஒட்டிக்கொள்ளும். நடுவில் குழாயும், சுற்றிலும் வரிவரியான பள்ளங்களும் உள்ள 'பண்ட்' அச்சில் கேக் செய்யும் பலருக்கும் நேரும் சிக்கல் இது.

1950-ல் அமெரிக்காவின் மினியாபோலிஸ் பகுதியைச் சேர்ந்த நார்டிக் வேர் நிறுவனம் வார்ப்பு அலுமினியத்தில் உருவாக்கிய அச்சு இது. சாதாரண வட்ட அச்சு என்றால் அடியில் பேப்பர் போட்டு, ஓரத்தில் கத்தியை விட்டு எடுத்துவிடலாம். இதில் இரண்டுமே முடியாது. கத்தியை விட்டால் டிசைனே போய்விடும்.

எதைத் தடவ வேண்டும்?

பலரும் வெண்ணெய் தடவுவார்கள். ஆனால் அதில் தண்ணீரும் பால் சத்தும் இருக்கிறது. சூட்டில் அந்தப் பால் சத்து கருகி, அச்சோடு ஒட்டிக்கொள்ளும்.

அதற்குப் பதில் வனஸ்பதி, சமையல் எண்ணெய், மைதா மூன்றையும் தலா ஒரு டேபிள்ஸ்பூன் எடுத்து, கட்டியில்லாமல் குழைத்துக்கொள்ளலாம். சாக்லேட் கேக் என்றால் மைதாவுக்குப் பதில் கோகோ பவுடர். அப்போதுதான் மேலே வெள்ளைத் திட்டு தெரியாது.

இதை பிரஷ்ஷால் ஒவ்வொரு பள்ளத்திலும் தடவ வேண்டும். பலர் மறப்பது நடுக்குழாயைத்தான். மாவை ஊற்றுவதற்குச் சற்று முன்பு தடவுவதே நல்லது. முன்கூட்டியே தடவி வைத்தால் கலவை மெல்ல வழிந்து அடியில் தேங்கிவிடும், மேல் பகுதி வெறுமையாகிவிடும்.

எப்போது கவிழ்க்க வேண்டும்?

சூடான கேக் மிகவும் மென்மையானது. உடனே கவிழ்த்தால் தன் எடையைத் தாங்காமல் பிய்ந்துவிடும். அதற்காக முழுசா ஆறும்வரை விட்டாலும் ஆபத்துதான். சர்க்கரை இறுகி பசை மாதிரி பிடித்துக்கொள்ளும், கொழுப்பும் உறைந்துவிடும்.

உதாரணமாக, 4 மணிக்கு ஓவனில் இருந்து எடுத்த வெண்ணெய் கேக்கை கம்பி வலை மேல் அப்படியே வைத்துவிட வேண்டும். 4.10-க்கு அச்சைப் பிடித்து பக்கவாட்டில் லேசாகக் குலுக்கிப் பார்க்கலாம். கேக் மொத்தமாக அசைந்தால் தயார். ஒரு பக்கம் மட்டும் அசையவில்லை என்றால், அந்த இடத்தில் வெளியே மெல்லத் தட்டிவிட்டு இன்னும் 5 நிமிடம் பொறுக்கலாம்.

பிறகு கம்பி வலையை அச்சின் மேல் வைத்து, இரண்டையும் சேர்த்துப் பிடித்துக் கவிழ்க்க வேண்டும். அச்சை உடனே இழுக்கக் கூடாது. கேக் 'தொப்'பென்று இறங்கும் சத்தம் கேட்ட பிறகு நேராகத் தூக்க வேண்டும்.

மறந்துபோய் ஆறிவிட்டால்?

வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை, கவிழ்த்த அச்சின் மேல் சில நிமிடம் போர்த்தி வைக்கலாம். உறைந்த கொழுப்பு இளகி கேக் இறங்க வாய்ப்புண்டு. ஆனால் எண்ணெய் படாத இடத்தில் மாவே ஒட்டி வெந்திருந்தால் இது பலிக்காது. அந்தப் பகுதி பிய்ந்துதான் வரும்.