"ஏனாய்த்து?" என்று கேட்கும் மேனேஜர்!

மேனேஜர் என்றால் மேற்பார்வை பார்ப்பவர். எங்கள் மேனேஜர் கீழ்ப்பார்வை, பக்கப்பார்வை, ஓரப்பார்வை எல்லாம் சேர்த்துப் பார்ப்பவர்!

போச்சம்பள்ளி சிப்காட்டில் டூவீலர் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் ஃபைனல் இன்ஸ்பெக்ஷனும் டிஸ்பாட்சும் என் பொறுப்பில் இருந்தன. (கம்பெனி பெயர் வேண்டாம் சார், பி.எஃப். பணம் இன்னும் வரவேண்டியிருக்கிறது!) மேனேஜருக்குச் சொந்த ஊர் பெங்களூர். போனை எடுத்தால் ஹலோ கிடையாது. "ஏனாய்த்து?" அதாவது, என்ன ஆச்சு? ஒன்றும் ஆகாதபோதும் அதே கேள்விதான்.

ஓசூருக்கு ஒரு நாளைக்கு மூன்று லோடு போகும். மூன்றுக்குமே இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட்டில் அவர் கையெழுத்து விழுந்தால்தான் லாரி கேட்டைத் தாண்டும். கையெழுத்துக்கு முன்னால் பெட்டியைத் திறந்து நாலு பீஸை எடுத்து அவரே அளந்து பார்ப்பார். அவர் மீட்டிங்கில் இருந்தால் லாரி நிற்கும், டிரைவர் என்னைத் திட்டுவார்.

ஒரு வாரம் பொறுமையாக ஒரு வேலை செய்தேன். அவர் கேட்ட கேள்விகளை எல்லாம் டைரியின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டு வந்தேன். சனிக்கிழமை பார்த்தால் ஆச்சரியம்! போன் நிறைய வந்திருந்தாலும் கேள்விகள் மூன்றுதான். லோடு எத்தனை மணிக்குக் கிளம்பும்? எத்தனை பீஸ் ரிஜெக்ட்? எந்த மெஷினில் பிரச்னை? அதையேதான் திருப்பித் திருப்பிக் கேட்டிருக்கிறார்.

இந்த மூன்றும் எங்கிருந்து வருகின்றன என்று ஸ்டோர்ஸ் பெரியவரிடம் விசாரித்தேன். "தம்பி, நீ வர்றதுக்கு முன்னாடி ஒரு லோடுல தப்பு பீஸ் போயிடுச்சு. ஓசூர்ல அவங்க லைனே நின்னு போச்சு. இவரு போயி ரெண்டு நாள் அவங்க ஷெட்டுல உக்காந்து ஒவ்வொரு பீஸா பிரிச்சாரு. டெபிட் நோட்டு வேற!" என்றார்.

அப்போதுதான் விளங்கியது. தினமும் காலையில் ஓசூர்க்காரர்கள் இவரிடம் கேட்கிற மூன்று கேள்விகளைத்தான் இவர் என்னிடம் கேட்கிறார். பதில் தெரியாமல் மாட்டிக்கொள்ளக்கூடாதே என்ற பயம். மற்றபடி என் மேல் அவருக்கு விரோதம் எதுவும் இல்லை.

மறுநாளிலிருந்து எட்டேமுக்கால் மணிக்கு ஒரு துண்டுச்சீட்டு அவர் மேஜைக்குப் போனது. மூன்று வரி, மூன்று பதில். கெட்ட செய்தி இருந்தால் அதுதான் முதல் வரி. முதல் நாலு நாள் சீட்டைப் படித்துவிட்டும் போன் செய்தார்! சீட்டில் இருப்பது நிஜமா என்று ஷாப் ஃப்ளோரில் போய் சரிபார்த்தார். பார்க்கட்டுமே. இரண்டாவது வாரம் காலை போன்கள் நின்றன. ஆனால் பெட்டி திறப்பு மட்டும் நிற்கவில்லை.

அதற்கு வழி எங்கள் தொழிலிலேயே இருந்தது. 1943-ல் அமெரிக்காவில் பெல் டெலிபோன் ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த ஹெரால்டு டாட்ஜ் என்பவர் ஒரு பரிசோதனை முறையை வெளியிட்டார். ஆரம்பத்தில் ஒவ்வொரு பீஸையும் பார். குறிப்பிட்ட எண்ணிக்கை வரிசையாக நல்லதாகவே வந்துவிட்டால், அதன் பிறகு பத்தில் ஒன்று, இருபதில் ஒன்று என்று பார்த்தால் போதும். அப்படிப் பார்க்கும்போது ஒரு பழுது கிடைத்தால் மறுபடி ஒவ்வொன்றையும் பார்க்க ஆரம்பி. அவ்வளவுதான் விஷயம். டாட்ஜ் பெயரே கேள்விப்படாமல் எங்கள் போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமை சந்தையில் தேங்காய் வியாபாரி இதைத்தான் செய்கிறார். புது ஆள் கொண்டுவந்தால் காயைக் காயாகத் தட்டிப் பார்ப்பார், பழகின ஆள் என்றால் குவியலில் நாலைத் தட்டிவிட்டுப் பணத்தை எண்ணுவார்.

மேனேஜரும் இதே தொழிலில் நரைத்தவர்தானே? அவர் பாஷையிலேயே கேட்டேன்.

"சார், இருபது லோடு வரிசையா நீங்க ஒரு திருத்தம்கூட சொல்லாம போச்சுன்னா, அப்புறம் அஞ்சு லோடுக்கு ஒண்ணு மட்டும் பாருங்க. எதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க, என்கிட்ட முன்னாடி சொல்லாதீங்க. அதுல ஒரு தப்பு கண்டுபிடிச்சா, பழையபடி எல்லாத்தையும் பாருங்க."

கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். "இருபதா... சரி, இருபத்தஞ்சு" என்றார். பேரம் பேசாவிட்டால் மேனேஜர் ஆகியிருக்க முடியுமா?

'முன்னாடி சொல்லாதீங்க' என்பதை வேண்டுமென்றேதான் சேர்த்தேன். திங்கட்கிழமை மட்டும் பார்ப்பார் என்று தெரிந்தால் ஷாப்பில் திங்கட்கிழமை லோடு மட்டும் பளபளவென்று போகும். எது மாட்டும் என்று யாருக்கும் தெரியாதபோதுதான், அஞ்சில் ஒன்றைப் பார்ப்பதற்கு அர்த்தம் உண்டு. 'பழையபடி பாருங்க' என்பதும் முக்கியம். விட்டுக்கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று தெரிந்தால்தான் ஆளுக்கு விட்டுக்கொடுக்க மனசு வரும்.

ஒன்பது வேலை நாளில் இருபத்தைந்து தாண்டியது. அஞ்சில் ஒன்று அமலுக்கு வந்தது. அப்பாடா!

மூன்றாவது வாரம் சோதனை வந்தது. ஒரு புஷ்ஷின் துளையை பிளக் கேஜ் வைத்துப் பார்க்கிறோம். கேஜின் 'கோ' பக்கம் உள்ளே போகவேண்டும், 'நோ கோ' பக்கம் போகக்கூடாது. மாலை நாலரைக்கு எடுத்த பீஸில் 'கோ' பக்கம் பாதியில் நின்றது. மெஷினில் டூலின் முனை தேய்ந்தால் உலோகம் குறைவாக வெட்டுப்படும், துளை சிறுத்துவிடும். மூன்றரை மணிக்கு எடுத்த பீஸ் சரியாக இருந்ததால், சந்தேகம் அந்த ஒரு மணி நேரத்து உற்பத்தியின் மேல்தான். அறுபது பீஸ்.

லாரி இன்னும் கிளம்பவில்லை. பெட்டிகளைத் தனியே ஒதுக்கிச் சிவப்புச் சீட்டு ஒட்டச் சொல்லிவிட்டு, முதல் வேலையாக மேனேஜருக்கு போன் போட்டேன். "ஏனாய்த்து?" அன்றைக்குத்தான் அந்தக் கேள்விக்கு நிஜமாகவே ஒரு பதில் இருந்தது! என்ன கோளாறு, எத்தனை பீஸ், இதுவரை என்ன செய்தேன் என்று மூன்றையும் சொன்னேன். அறுபதையும் கேஜ் போட்டுப் பார்த்ததில் ஏழு பீஸ் டைட். டூல் மாற்றினோம். லோடு ஒன்றரை மணி நேரம் தாமதம். அதை ஓசூருக்கு அவரே முன்கூட்டி போன் செய்து சொல்லிவிட்டார்.

மறுநாள், "அந்த புஷ்ஷுக்கு மட்டும் மறுபடி முழுசா பாக்கறேன். மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்" என்றார். அவர் கண்டுபிடிக்கவில்லையே, நாங்கள்தானே கண்டுபிடித்தோம் என்று வாதாடியிருக்கலாம். வாதாடவில்லை. மாதக்கடைசியில் புஷ்ஷும் பழைய பட்டியலுக்கு வந்தது. தீபாவளிக்குப் பிறகு அஞ்சில் ஒன்று பத்தில் ஒன்றானது. நான் கேட்காமலே!

இரண்டு விஷயத்தை மட்டும் அவர் கடைசிவரை விடவில்லை. ஓசூர்க்காரர்களிடம் 'இந்த ஒரு தடவை கொஞ்சம் அளவு விட்டுத் தாருங்கள்' என்று கேட்கும் கடிதம் ஒன்று. பிரேக்கோடு சேருகிற பாகங்கள் இன்னொன்று. உயிர் சம்பந்தப்பட்ட பாகத்தில் பத்தில் ஒன்று பார்த்தால் போதும் என்று யாரும் ஒப்பமாட்டார்கள். அதை நானும் கேட்கவில்லை.

இந்த வைத்தியம் எல்லா மேனேஜருக்கும் பலிக்காது. பயத்தில் பார்க்கிறவருக்குப் பலிக்கும். தான் பெரியவர் என்று காட்டுவதற்காகப் பார்க்கிறவருக்கு? எனக்கு அடுத்த கம்பெனியில் வாய்த்தவர் அந்த ரகம். இருபதுக்கு ஒப்புக்கொண்டார். இருபது முடிந்ததும் "நாற்பது ஆகட்டும்" என்றார். நாற்பது முடிந்தபோது, ரிப்போர்ட்டில் தேதியை ஏன் நீல மையில் எழுதினாய் என்று கேட்டார். அளவைப் பார்க்காமல் மையைப் பார்க்கிறார் என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது. அந்த வாரமே பயோடேட்டாவை டைப் அடிக்கக் கொடுத்துவிட்டேன். கறுப்பு மையில்தான்!