ஒரே தேடலுக்கு இரண்டு பக்கங்கள்

ஒரு சமையல் தளத்தில் இரண்டு பக்கங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்றின் தலைப்பு ‘இட்லி மாவு அரைப்பது எப்படி?’; மற்றது ‘மிருதுவான இட்லிக்கு மாவு அரைக்கும் முறை’. முதல் பக்கம் கிரைண்டரைப் பற்றியது, இரண்டாவது மிக்ஸியைப் பற்றியது. ஆனால் தலைப்பைப் பார்த்து இதை யாரும் கண்டுபிடிக்க முடியாது. கூகுளும் ஒரே தேடலுக்கு இன்று ஒன்றையும் நாளை மற்றதையும் காட்டுகிறது. மிக்ஸி மட்டுமே வைத்திருப்பவர் கிரைண்டர் பக்கத்தில் போய் விழுகிறார்.

கூகுள் சர்ச் கன்சோலின் தேடல் அறிக்கையில் அந்தச் சொற்றொடரை மட்டும் வடிகட்டி, எந்தெந்தப் பக்கங்கள் வருகின்றன என்று பாருங்கள். இரண்டும் வருவது மட்டுமே கோளாறு அல்ல. ஒன்று ஏறும்போது மற்றது இறங்கி, இரண்டுமே பின்தங்கினால்தான் மோதல்.

அப்போது பொதுவான தலைப்பைக் கிரைண்டர் பக்கத்துக்கே விட்டுவிடுங்கள். மற்றதை ‘மிக்ஸியில் இட்லி மாவு: சூடேறாமல் அரைக்கும் முறை’ என்று மாற்றுங்கள். வேறுபடுத்தும் சொல் முதலிலேயே வரட்டும். நீண்ட தலைப்பின் வால் தேடல் முடிவில் வெட்டுப்படும். பக்கத்துக்குள் இருக்கும் பெரிய தலைப்பையும், பிற பக்கங்களிலிருந்து வரும் இணைப்புச் சொற்களையும் அதற்கேற்பத் திருத்துங்கள். இல்லையென்றால் கூகுள் தானாகவே வேறு தலைப்பைக் காட்டக்கூடும். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகலாம்.

இரண்டு பக்கங்களும் சொல்வது உண்மையிலேயே ஒன்றுதான் என்றால் தலைப்பு மாற்றம் உதவாது. ஒன்றை மற்றதோடு சேர்த்து, பழைய முகவரியை 301 திருப்பிவிடலில் போட்டுவிடுங்கள்.