ராஜினாமா செய்தாயிற்று, சார்ஜ் ஒப்படைத்தாயிற்றா?

சென்னைப் புறநகர் அடுக்ககங்களில் அசோசியேஷன் செயலாளர் பதவி விலகுவது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. இரவு பத்தரை மணிக்கு வாட்ஸ்ஆப் குழுவில் நீளமாக ஒரு செய்தி வரும்: “இனி என்னால் முடியாது, வேறு யாராவது பார்த்துக்கொள்ளுங்கள்.” தண்ணீர் லாரி, கார் நிறுத்துமிடம், மேல் வீட்டு நாய் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். மறுநாள் காலை வாட்ச்மேன் கையில் ஒரு சாவிக்கொத்தும், ஜவுளிக்கடைப் பை ஒன்றில் ரசீதுப் புத்தகங்களும் இருக்கும். மனிதர் குழுவிலிருந்தும் வெளியேறியிருப்பார்.

விட்டது சனி என்று அவர் நினைத்துக்கொள்வார். ஆனால் வங்கிக்கு இன்னமும் அவர்தான் செயலாளர். பதிவுத்துறைக்கும் அவர்தான். பொது மின் இணைப்புக்குப் பணம் கட்டச் சொல்லும் குறுஞ்செய்தி அவர் கைபேசிக்குத்தான் போகும். அதை அவர் எரிச்சலோடு அழித்துவிட்டால், ஒரு நாள் லிஃப்டும் மோட்டாரும் நிற்கும்போதுதான் மற்றவர்களுக்கு விஷயம் தெரியும்.

ராஜினாமாக் கடிதம் ஒரு பக்க வேலை. தலைவருக்கு எழுதி, தேதி போட்டு, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்க வேண்டும். செயற்குழு கூடி அதை ஏற்றதாக மினிட் புக்கில் தீர்மானம் எழுத வேண்டும். அடுத்த பொதுக்குழு வரையில் பொறுப்பு யாருக்கு என்பதும் அதே தீர்மானத்தில் இருக்க வேண்டும். இடையில் காலியாகும் பதவியை எப்படி நிரப்புவது என்று உங்கள் சங்கத்தின் துணைவிதிகள் சொல்லியிருக்கும். அதை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். யாருமே முன்வராத நிலைதான் அதிகம். அப்போது இணைச் செயலாளரையோ பொருளாளரையோ தற்காலிகப் பொறுப்பாளராகத் தீர்மானத்தில் எழுதிவிட்டால் போதும். “ஆள் கிடைக்கும்வரை நீங்களே இருங்கள் சார்” என்ற வேண்டுகோளுக்கு இறங்கினால், அந்த ‘வரை’ இரண்டு வருடம் நீளும்.

கடிதத்துக்குப் பிறகுதான் உண்மையான வேலை. அதில் முதலில் செய்ய வேண்டியது, ஒரு தேதியைக் குறிப்பது. அந்தத் தேதி வரையிலான வரவும் செலவும் பழையவர் பொறுப்பு, மறுநாளிலிருந்து புதியவர் பொறுப்பு. மாதக் கடைசி நாளாக அது இருப்பது நல்லது. வங்கி அறிக்கையும் மெயின்டனன்ஸ் கணக்கும் அங்கே தானாகவே வந்து முடியும். தேதியைக் குறிக்காமல் கணக்கை ஒப்படைத்தால், ஆறு மாதம் கழித்து ஒவ்வொரு ரசீதுக்கும் “இது உங்கள் காலமா, என் காலமா?” என்ற சண்டை வரும்.

கணக்கு என்றதும் பலர் வங்கி இருப்பைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்த ஒற்றைத் தொகை எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு ஒரு மாதிரிக் கணக்கு பார்க்கலாம். 24 வீடுகள், வீட்டுக்கு மாதம் 3,000 ரூபாய் மெயின்டனன்ஸ் என்று வைத்துக்கொள்வோம். மார்ச் 31 அன்று வங்கி அறிக்கை காட்டும் இருப்பு 2,14,680 ரூபாய். புதிய செயலாளருக்கு மகிழ்ச்சி. வந்ததும் வராததுமாக வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடிக்கலாம் என்று ஆளைக் கூப்பிடுகிறார்.

ஆனால் லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனிக்கு 17,700 ரூபாய்க்குக் கொடுத்த காசோலை இன்னும் வங்கிக்குப் போகவில்லை. அதைக் கழித்தால் 1,96,980. நம் கணக்குப் புத்தகத்தில் இருக்க வேண்டிய இருப்பு இதுதான். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கையெழுத்துப் போடாமல் அங்கேயே நிறுத்தி, வித்தியாசம் எங்கே என்று தேட வேண்டும்.

ஒத்துப்போனாலும் அது முழுவதும் செலவழிக்கக் கூடிய பணம் இல்லை. வெளிநாட்டில் மகனோடு இருக்கும் ஓர் உரிமையாளர் வரும் ஆண்டு முழுவதற்குமான 36,000 ரூபாயை முன்னதாகவே அனுப்பியிருக்கிறார். இன்னொருவர் வீட்டில் மராமத்து வேலை நடக்கும்போது பொது இடத்துக்குச் சேதம் வந்தால் பிடித்துக்கொள்ள 10,000 ரூபாய் வாங்கி வைத்திருக்கிறோம். வேலை முடிந்தால் திருப்பித் தர வேண்டும். மார்ச் மாத வாட்ச்மேன் சம்பளம் 28,000 ஏப்ரல் 5 அன்று போகும். பொது மின் கட்டணம் 11,400 வந்து நிற்கிறது. எல்லாம் கழித்தால் கையில் மிஞ்சுவது 1,11,580 ரூபாய். வங்கி காட்டிய தொகையில் பாதிக்குக் கொஞ்சம் மேல். பெயின்டரைத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

மறுபக்கம், வரவேண்டிய பணமும் உண்டு. மூன்று வீடுகள் ஒரு மாதம், மூன்று மாதம், ஐந்து மாதம் என்று மொத்தம் 27,000 ரூபாய் பாக்கி வைத்திருக்கின்றன. வாட்ச்மேன் வாங்கிய 5,000 ரூபாய் முன்பணம் மாதம் 1,000 வீதம் கழிய வேண்டும். வீட்டு எண் குறிப்பிடாமல் யாரோ அனுப்பிய 3,000 ரூபாய் ஒன்று யாருடையது என்று தெரியாமல் கிடக்கிறது. அது அந்த மூவரில் ஒருவருடையதாகவும் இருக்கலாம்; கேட்டுத் தெளிவதற்குள் பாக்கி நோட்டீஸ் அனுப்பினால் தேவையில்லாத பகை. இவை எல்லாம் ஒரே தாளில் அடங்கிவிடும். எந்தெந்த வீடு எவ்வளவு பாக்கி என்ற பட்டியலை அதனுடன் பின்னால் இணையுங்கள். சில்லறைச் செலவுக்கு வைத்திருக்கும் ரொக்கத்தை இருவரும் எண்ணிப் பார்த்து எழுதுங்கள். கார்பஸ் ஃபண்ட் வைப்புத்தொகை ரசீதை, முதிர்வுத் தேதியையும் அது யார் பெயரில் இருக்கிறது என்பதையும் பார்த்துக் கொடுங்கள். எப்போதோ ஒரு செயலாளரின் சொந்தப் பெயரில் போட்ட வைப்புத்தொகை அப்படியே தொடர்வது அபூர்வமில்லை.

காசோலைப் புத்தகத்தில் மீதி இருக்கும் தாள்களின் எண்களையும், ரசீதுப் புத்தகத்தில் கடைசியாகக் கிழித்த எண்ணையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். வங்கியில் கையெழுத்து மாறும்வரை வேலை தடைப்படாமல் இருக்க, வெற்றுக் காசோலைகளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வருவதைப் பெரிய உதவியாகச் சிலர் நினைக்கிறார்கள். அதைச் செய்யவே செய்யாதீர்கள். தொகையும் பெயரும் எழுதி, பில்லும் இணைத்து வந்தால் அப்போதைக்கு அப்போது கையெழுத்துப் போடுங்கள்.

வங்கியில் கையெழுத்து மாற்றுவதற்குத்தான் அதிக நாள் பிடிக்கும். தீர்மானத்தின் நகல், சங்கப் பதிவுச் சான்றிதழ், துணைவிதிகள், புதியவரின் பான், ஆதார், புகைப்படம் ஆகியவற்றைக் கேட்பார்கள். சில கிளைகளில், நிர்வாகிகள் மாறியதைப் பதிவுத்துறை பதிந்துகொண்டதற்கான சான்றையும் கேட்பார்கள். பல சங்கங்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கின்றன. தமிழ்நாட்டில் பல அடுக்ககச் சங்கங்கள் 1975ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானவை. அந்தச் சட்டப்படி நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் 3 ஆண்டுகளுக்கு மேல் போகக் கூடாது. மறுபடி தேர்ந்தெடுக்கத் தடையில்லை. நிர்வாகிகள் மாறும்போதெல்லாம் மாவட்டப் பதிவாளரிடம் படிவம் 7 தாக்கல் செய்ய வேண்டும். ஆண்டுக் கணக்கும் போக வேண்டும். தாக்கல் செய்யாமலே நான்கைந்து குழுக்கள் வந்து போயிருந்தால், பதிவேட்டில் இருக்கும் செயலாளர் வீட்டை விற்றுவிட்டுக் கோயம்புத்தூரில் இருப்பார். இடைப்பட்ட எல்லா மாற்றங்களையும் வரிசையாகச் சரிசெய்த பிறகுதான் இன்றைய மாற்றம் ஏறும். அதனால் பதவி விலக நினைப்பவர் கடிதம் எழுதுமுன் பார்க்க வேண்டியது, கடைசிப் படிவம் 7இல் யார் பெயர் இருக்கிறது என்பதைத்தான்.

பதிவாளரும் வங்கியும் முடிந்த பிறகு கைபேசி எண். இணைய வங்கிச் சேவை, வருமானவரித் தளம், மின்வாரியம், குடிநீர் வாரியம் எல்லாவற்றிலும் பதிந்திருப்பது செயலாளரின் சொந்த எண்தான். ஓடிபி வருவதும் அதற்குத்தான். ஒவ்வொன்றாகப் புதியவரை அருகில் உட்காரவைத்து மாற்ற வேண்டும். அசோசியேஷன் பெயரிலேயே ஒரு சிம் கார்டும் ஒரு மின்னஞ்சலும் வைத்துக்கொண்டால் அடுத்தடுத்தவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அறிவிப்புப் பலகையிலும் கேட்டிலும் ஒட்டியிருக்கும் க்யூஆர் தாள் செயலாளரின் சொந்தக் கணக்கினுடையது என்றால் அதை அன்றே கிழித்துவிடுங்கள். இல்லையென்றால் பதவி போன பிறகும் ஊரார் மெயின்டனன்ஸ் பணம் உங்கள் கணக்கில் வந்து விழும். சிசிடிவி கடவுச்சொல்லை எழுதிக் கொடுத்து, புதியவர் அங்கேயே மாற்றிக்கொள்ளட்டும்.

சாவி விஷயம் எளிது, செய்கிற முறையில் செய்தால். மொட்டைமாடி, லிஃப்ட் மோட்டார் அறை, மின்மீட்டர் அறை, ஜெனரேட்டர், சம்ப் மூடி, அறிவிப்புப் பலகை என்று ஒவ்வொன்றுக்கும் அட்டை கட்டுங்கள். பிறகு இருவரும் நடந்து போய் ஒவ்வொரு பூட்டிலும் சாவியைப் போட்டுத் திறந்து பாருங்கள். கொத்தில் பாதிச் சாவிகள் எப்போதோ மாற்றிவிட்ட பூட்டுகளுடையவை என்பது அப்போதுதான் தெரியும். வெளியிலிருந்து லிஃப்ட் கதவைத் திறக்கும் சாவி, அதைக் கையாளத் தெரிந்தவரிடம் மட்டும் இருக்கட்டும். தெரியாமல் திறந்தால், லிஃப்ட் வேறு தளத்தில் நிற்கும்போது எதிரே வெறும் குழிதான் இருக்கும்.

ஆவணங்களில் அசல்களை முதலில் தேடுங்கள்: அங்கீகரிக்கப்பட்ட கட்டட வரைபடம், பணி நிறைவுச் சான்று, சங்கப் பதிவுச் சான்றிதழ், லிஃப்ட் உரிமம், காப்பீடு, எந்த வீட்டுக்கு எந்தக் கார் இடம் என்ற படம். மினிட் புக்குகள் எல்லா ஆண்டுக்கும் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். நீதிமன்ற வழக்கு ஏதாவது நிலுவையில் இருந்தால் வக்கீலுக்கும் மாற்றத்தை எழுத்தில் சொல்லுங்கள். வக்காலத்தில் பழையவர் கையெழுத்துதான் இருக்கும்.

எந்தக் கோப்பிலும் இல்லாத ஒரு ஆவணத்தைச் செயலாளர்தான் எழுதித் தர முடியும். அவர் தலைக்குள் இருக்கும் வாய்மொழி ஏற்பாடுகள்தான் அது. ஐந்து மாதப் பாக்கிக்காரரிடம் “மாதம் இரண்டாகக் கட்டுங்கள்” என்று ஒத்துக்கொண்டது, தண்ணீர் லாரிக்காரருக்கு 10ஆம் தேதிதான் பணம் என்று பேசிவைத்தது, மழைக்கு முன் வடிகாலை இன்னாரைக் கூப்பிட்டுச் சுத்தம் செய்வது, பக்கத்து மனைக்காரரோடு சுவர் விவகாரத்தில் எங்கே நிற்கிறோம் என்பது. இரண்டு பக்கம் எழுதினால் போதும். புதியவர் தெரியாமல் அந்தப் பாக்கிக்காரரின் பெயரைப் பலகையில் போட்டுவிட்டால், கிடைக்க இருந்த 15,000 ரூபாயும் நின்றுவிடும்.

இவ்வளவையும் வரிசை எண் போட்ட ஒரு பட்டியலாக்கி, பழையவர், புதியவர், தலைவர், பொருளாளர் நால்வரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ள வேண்டும். கிடைக்காதவற்றை ‘இல்லை’ என்றே எழுதுங்கள். எழுதாமல் விட்டால் பழையவர் எடுத்துப்போனதாகப் பேச்சு வரும். கோபத்தில் கணக்குப் புத்தகங்களைத் தன் வீட்டு அலமாரியில் பூட்டி வைத்துக்கொள்ளும் செயலாளர்களும் உண்டு. அவை அவர் சொத்தல்ல. உறுப்பினர்களோடு எவ்வளவு மனத்தாங்கல் இருந்தாலும் அதைச் செய்பவர் பக்கம் நியாயம் இருக்க முடியாது.

நீங்கள் வெறும் உறுப்பினராக இருந்தாலும், உங்கள் சங்கம் கடைசியாகப் படிவம் 7 தாக்கல் செய்தது எந்த ஆண்டு என்று அடுத்த பொதுக்குழுவில் எழுந்து கேளுங்கள். பதில் வரவில்லையென்றால், இப்போதைய செயலாளர் பதவியில் இருக்கும்போதே அதைச் சரிசெய்யச் சொல்லுங்கள்.