கோணல் நாற்கரத்துக்குள் ஓர் இணைகரம்

தாளில் நான்கு புள்ளிகளைக் கண்டபடி வைத்து, ஒரு கோணல் நாற்கரம் வரையுங்கள். நான்கு பக்கங்களின் நடுப்புள்ளிகளையும் வரிசையாக இணைத்தால் உள்ளே ஓர் இணைகரம் வந்து நிற்கும். 1731இல், பிரெஞ்சுக் கணித அறிஞர் பியர் வரிஞ்ஞோன் இறந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் அச்சேறிய தேற்றம் இது.

காரணம், நாம் வரையாமல் விட்ட மூலைவிட்டத்தில் இருக்கிறது. முனைகள் க, ச, த, ப என்று கொள்வோம். கத என்ற மூலைவிட்டத்தை வரைந்தால் நாற்கரம் இரண்டு முக்கோணங்களாகிவிடும். முக்கோணம் கசத-வில், கச, சத ஆகியவற்றின் நடுப்புள்ளிகளை இணைக்கும் கோடு, ச-விலிருந்து பார்த்தால் அந்த முக்கோணத்தையே பாதியாகச் சுருக்கியதன் அடிப்பக்கம். எனவே அது கத-வுக்கு இணை. நீளத்தில் அதில் பாதி. மறுபுற முக்கோணம் கபத-விலும் இதே கதைதான். எதிரெதிரான இந்த இரண்டு கோடுகளும் ஒரே மூலைவிட்டத்துக்கு இணை, அதில் பாதி என்பதால் தமக்குள்ளும் இணையானவை, சமமானவை. இணைகரத்துக்கு அதுவே போதும்.

எண்களிலும் பார்க்கலாம்: (0,0), (8,0), (10,6), (2,4). நடுப்புள்ளிகள் (4,0), (9,3), (6,5), (1,2). முதலாவதிலிருந்து இரண்டாவதற்குப் போக வலப்புறம் 5, மேலே 3; நான்காவதிலிருந்து மூன்றாவதற்கும் அதே 5, அதே 3.

ஒரு முனை உள்ளே குழிந்திருந்தால்? மூலைவிட்டம் வெளியே போகும், நிரூபணம் அப்படியே நிற்கும். பக்கங்கள் ஒன்றையொன்று வெட்டி, இரு மூலைவிட்டங்களும் இணையாகிவிட்டால் மட்டும் இணைகரம் நசுங்கி வெறும் கோடாகிவிடும்.