பத்து மாடி உயரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்

பத்து மாடி அலுவலகம் ஒன்று. கீழ்த்தளத்தில் 200 டன் சில்லர். அதிலிருந்து 40 மீட்டர் உயரத்தில் கடைசி ஏஎச்யூ. குளிர்நீரை அதுவரை அனுப்பித் திரும்பக் கொண்டுவர எவ்வளவு ஹெட் உள்ள பம்ப் வேண்டும்? பலர் முதல் வரியிலேயே அந்த 40 மீட்டரை எழுதிவிடுகிறார்கள். பிழை அங்கேதான் தொடங்குகிறது.

குளிர்நீர்க் குழாய் ஒரு மூடிய வளையம். மேலே ஏறும் குழாயிலும் கீழே இறங்கும் குழாயிலும் எப்போதும் நீர் நிறைந்திருக்கிறது. கப்பியின் இருபுறமும் சம எடையுள்ள குடங்கள் தொங்குவதுபோல, இறங்கும் நீரின் எடை ஏறும் நீரைத் தாங்கிக்கொள்கிறது. ஆகவே பம்ப் வெல்ல வேண்டியது உராய்வை மட்டும்தான். உயரத்தால் அடியில் நான்கு பார் அழுத்தம் கூடும். பம்பின் உடலும் சில்லரும் அதைத் தாங்குமா என்று பார்த்தால் போதும். மேலே திறந்திருக்கும் கூலிங் டவரின் கதை வேறு. அங்கே தொட்டியின் நீர்மட்டத்திலிருந்து நீர் தெளிக்கும் இடம்வரையுள்ள உயரத்தைச் சேர்த்தே ஆக வேண்டும்.

நம் கட்டடத்துக்கு நொடிக்கு 30 லிட்டர் ஓட வேண்டும். மிக அதிகத் தடையுள்ள ஒரே பாதையை எடுத்துக்கொள்வோம். சில்லரில் 6 மீட்டர், குழாயிலும் வளைவுகளிலும் 7, ஏஎச்யூ காயிலில் 3, கட்டுப்பாட்டு வால்வில் 4, ஸ்டிரெயினர் முதலியவற்றில் 2. மொத்தம் 22 மீட்டர். மற்ற ஏஎச்யூக்கள் இதற்கு இணையான கிளைகள். அவற்றின் தடையை இதோடு கூட்டக்கூடாது.

ஓட்டம் இரட்டித்தால் தடை ஏறத்தாழ நான்கு மடங்காகும். எனவே நம் வளையத்தின் கோடு இது:

H = 22 × (Q/30)²

15 லிட்டரில் 5.5 மீட்டர், 40 லிட்டரில் 39 மீட்டர். பூஜ்ஜியத்தில் தொடங்கி மேல்நோக்கி வளையும் இந்தக் கோட்டை, பம்ப் தயாரிப்பாளர் தரும் கோட்டின்மேல் வரைய வேண்டும். இரண்டும் வெட்டும் இடத்தில்தான் பம்ப் ஓடும்; நாம் விரும்பும் இடத்தில் அல்ல.

உயரத்தையும் சேர்த்து 62 மீட்டர் பம்பை வாங்கிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஓட்டமே இல்லாதபோது அது 74 மீட்டர் தருகிறது. ஓட்டம் கூடக் கூட ஹெட் சரிகிறது. அதன் கோடு நம் கோட்டை ஏறத்தாழ 44 லிட்டர், 48 மீட்டரில் வெட்டுகிறது. 70 சதவீதத் திறனில் 30 கிலோவாட் செலவாகிறது, 9 போதும். சில்லருக்குள் வரும் நீருக்கும் வெளியேறும் நீருக்கும் இடையே முழுச் சுமையில் 5.5 டிகிரி இருக்க வேண்டிய வேறுபாடு நான்குக்கும் கீழே போய்விடும். பிழையை அங்கேயே கண்டுபிடிக்கலாம்.

வால்வைப் பாதி மூடி 30 லிட்டருக்குக் கொண்டுவருவது வழக்கம். அப்போது பம்ப் தரும் 62 மீட்டரில் 40 மீட்டரை அந்த வால்வே விழுங்கிவிடும். செலவும் 26 கிலோவாட்டுக்கு மேல் குறையாது. அதற்குப் பதில் வால்வை முழுக்கத் திறந்துவிட்டு, விஎஃப்டி மூலம் 50 ஹெர்ட்ஸை 34 ஆக இறக்கினால் அதே பம்ப் 30 லிட்டரை 22 மீட்டரில் தருகிறது, சுமார் 9 கிலோவாட்டில்.