‘பத்திரிகை நெரிசலா இருக்கா, சொல்லுடா’

மகளின் கல்யாணப் பத்திரிகை மாதிரியை வாட்ஸ்அப்பில் அனுப்பி, “ரொம்ப நெரிசலா இருக்கா, சொல்லுடா” என்று கேட்டார் மதுரைக்கார அக்கா ஒருவர். அச்சகத்தில் வேலை பார்க்கும் சித்தி மகன் மழுப்பவில்லை. “அக்கா, முகூர்த்த நேரத்தைத் தேட வேண்டியிருக்கு.”

தேட வேண்டித்தான் இருந்தது. மேலே பிள்ளையார், குலதெய்வம், இரண்டு பக்கமும் வாழைமரம். கீழே தாத்தா பாட்டி முதல் குட்டிப் பிள்ளைகள் வரை பெயர்கள். நடுவில் மாப்பிள்ளை, பெண், தேதி, மண்டபம் எல்லாம் ஒரே அளவு எழுத்தில். போதாததற்கு அரக்கு நிற அட்டையில் தங்க எழுத்து. தங்கத் தாளைச் சூடாக அழுத்தி ஒட்டும்போது பொடி எழுத்தின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். ‘ணு’, ‘னு’ எது என்றே தெரியாது.

உறவினர் பெயரை வெட்டலாமா? அதை மட்டும் தம்பி சொல்லவில்லை. விட்டுப்போன ஒரு பெயருக்காகப் பந்தியில் உட்காராத பெரியப்பாக்கள் எல்லா ஊரிலும் உண்டு! பெயர்களைத் தனி உள்தாளுக்கு மாற்றி, வெள்ளைத் தாளில் கறுப்பு மையில் அடிக்கச் சொன்னான். முன்பக்கத்தில் மணமக்கள் பெயர் பெரிதாக. நாள், நேரம், மண்டபம் அடுத்தடுத்த வரிகளில், சுற்றிலும் இடம் விட்டு. வாழைமரம் போயிற்று, பிள்ளையார் இருந்தார்.

“கைபேசியில் பெரிசாக்கிப் பார்க்காதே அக்கா. அசல் அளவில் ஒரு பிரதி எடுத்து அம்மாச்சிகிட்ட கொடு. எத்தனை மணிக்கு, எந்த மண்டபம்னு கேளு.” பாட்டி தடுமாறினால் மொத்த அச்சுக்குக் கொடுக்காதீர்கள், அச்சேறிய பிறகு திருத்தினால் இரண்டாவது தடவையும் காசு நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.